எண்ணைத் தொட்டால் படை எழும்

ஸ்டார்கிராஃப்ட் 2 ஆட்டத்தின் எட்டாவது நிமிடம் பொல்லாத நேரம். ஓரளவு தேறிய ஆட்டக்காரரிடம் அப்போது மூன்று தளங்கள் இருக்கும். அவற்றில் ஐம்பது அறுபது வேலையாட்கள் கனிமம் தோண்டிக்கொண்டிருப்பார்கள். வரைபடத்தின் நடுவே முப்பது நாற்பது வீரர்கள் எதிரியை முறைத்துக்கொண்டு நிற்பார்கள். இன்னொரு சிறு கூட்டம் விமானத்தில் ஏறி எதிரியின் கொல்லைப்புறத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். தளத்தில் ஐந்தாறு பாசறைகள் அடுத்த உத்தரவுக்குக் காத்திருக்கும். இத்தனையையும் நடத்த ஆட்டக்காரருக்கு இருப்பது ஒரு மவுஸ், ஒரு கீபோர்டு, ஒரு திரை. அந்தத் திரையிலும் எந்த நேரத்திலும் வரைபடத்தின் ஒரு சிறு துண்டுதான் தெரியும்.

சதுரங்கத்தில் நம் முறை முடியும்வரை எதிராளி கையைக் கட்டிக்கொண்டிருப்பார். ரியல் டைம் ஸ்ட்ராடஜி எனப்படும் இந்த வகை விளையாட்டில் முறை என்பதே கிடையாது. நாம் யோசிக்கும்போதும் எதிரியின் பாசறையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அதனால் நல்ல திட்டம் இருந்தால் மட்டும் போதாது, அது தலையிலிருந்து விரல் வழியாகப் படைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்பதும் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. அந்த நேரத்தைச் சுருக்கத்தான் கன்ட்ரோல் குரூப், ஹாட்கீ கிரிட் என்ற இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஆட்டக்காரரின் இடதுகை கீபோர்டில் கண்டபடி தட்டுவதுபோல் தெரியும். உண்மையில் அந்தத் தட்டலுக்கு ஒரு கணக்கு உண்டு.

ஒரு கட்டளையின் மூன்று பகுதிகள்

இந்த விளையாட்டில் எந்தக் கட்டளையை எடுத்தாலும் அதில் மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். யார் செய்வது? என்ன செய்வது? எங்கே செய்வது? “இந்தப் பன்னிரண்டு வீரர்கள், தாக்கியபடி முன்னேறி, அந்தப் பாலத்துக்குப் போகட்டும்” என்பது ஒரு முழுக் கட்டளை.

புதிதாக ஆடுபவர் மூன்றுக்கும் மவுஸையே நம்புவார். முதலில் வீரர்களைச் சுற்றிப் பெட்டி இழுத்துத் தேர்ந்தெடுப்பார். பிறகு திரையின் வலது கீழ்மூலைக்குப் போய்த் தாக்குதல் பொத்தானை அழுத்துவார். அப்புறம் பாலத்துக்கு வந்து சொடுக்குவார். மவுஸ் மூன்று இடத்துக்குப் போய் வருகிறது. வீரர்கள் திரையில் இல்லாவிட்டால் அவர்களைத் தேடிப்போவது நான்காவது வேலை.

பழகியவர் “யார்” என்பதை ஓர் எண் விசையிடமும், “என்ன” என்பதை ஓர் எழுத்து விசையிடமும் விட்டுவிடுவார். மவுஸுக்கு மிஞ்சுவது “எங்கே” மட்டும். `1`, `A`, ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். முதல் இரண்டையும் இடதுகை அழுத்தி முடிப்பதற்குள் வலதுகை மவுஸைப் பாலத்தருகே கொண்டுபோயிருக்கும். எண்ணுக்கு ஆட்களை ஒதுக்கும் முறைதான் கன்ட்ரோல் குரூப். எழுத்துகளுக்கு வேலைகளை ஒதுக்கும் முறைகளில் ஒன்று ஹாட்கீ கிரிட்.

நால்வரில் தொடங்கிய கதை

இந்த வசதி முதலிலேயே இருக்கவில்லை. வெஸ்ட்வுட் நிறுவனம் 1992இல் வெளியிட்ட டூன் 2தான் இந்த வகைக்கு அச்சு வார்த்துக் கொடுத்த ஆட்டம். அதில் ஒரு நேரத்தில் ஒரு யூனிட்டை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும். பத்து டாங்கிகளை நகர்த்தப் பத்துத் தடவை அதே வேலையைச் செய்ய வேண்டும். 1994இல் பிளிசார்டு நிறுவனத்தின் முதல் வார்கிராஃப்ட் வந்தபோது நான்கு பேரைச் சேர்த்துப் பிடிக்க முடிந்தது. அந்த நான்கு என்ற வரம்பு தொழில்நுட்பத்தால் வந்ததல்ல. ஆட்டக்காரர் கூட்டமாக அள்ளி அனுப்பிவிடாமல், எங்கே யாரை நிறுத்துவது என்று கவனித்து ஆட வேண்டும் என்பதற்காக நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு வேண்டுமென்றே வைத்தது என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பேட்ரிக் வயட் பின்னாளில் எழுதியிருக்கிறார். அடுத்த வார்கிராஃப்டில் அது ஒன்பதாகியது. 1998இல் வந்த ஸ்டார்கிராஃப்டில் பன்னிரண்டு. இதற்கிடையே 1995இல் வெஸ்ட்வுட்டின் கமாண்ட் அண்ட் காங்கர் வரம்பே இல்லாமல் படையை அள்ளவும், `Ctrl` விசையோடு எண்ணை அழுத்திக் குழு அமைக்கவும் வழி செய்திருந்தது.

பன்னிரண்டு என்ற அந்த வரம்பு கொரியாவில் பெரும் போட்டி விளையாட்டாக வளர்ந்த பழைய ஸ்டார்கிராஃப்டின் முகத்தையே வரைந்தது. அறுபது வீரர்களை நகர்த்த ஐந்து குழுக்கள் வேண்டும். கட்டடங்களை ஒன்றாகத் தேர்ந்தெடுக்கவே முடியாது. ஐந்து பாசறைகளிலிருந்து ஐந்து வீரர்களை எடுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு பாசறைக்கும் தனி எண் கொடுத்து `5` `M` `6` `M` `7` `M` என்று தட்டிக்கொண்டு போக வேண்டும். படைக்குக் கொடுத்தால் பாசறைக்கு இல்லை, பாசறைக்குக் கொடுத்தால் படைக்கு இல்லை. இருக்கும் எண்கள் மொத்தம் பத்துதான்.

2010இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2 இந்த நெருக்கடியைத் தளர்த்தியது. ஒரே எண்ணில் முழுப்படையையும் வைக்கலாம், எல்லாப் பாசறைகளையும் இன்னோர் எண்ணில் வைக்கலாம். இனி சுலபம் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் எல்லாரையும் ஒரே எண்ணில் வைக்க முடியும் என்பதாலேயே யாரை எந்த எண்ணில் வைக்கக் கூடாது என்ற புதிய கேள்வி பிறந்தது. அதை இனிப் பார்ப்போம்.

குழு அமைக்கும் விசைகள்

அடிப்படை விசைகள் சில. வீரர்களைத் தேர்ந்தெடுத்து `Ctrl` + `1` அழுத்தினால் அவர்கள் ஒன்றாம் குழு ஆகிறார்கள். அந்த எண்ணில் முன்பு இருந்தவர்கள் நீங்கிவிடுவார்கள். `Shift` + `1` அழுத்தினால் பழையவர்கள் இருக்கப் புதியவர்கள் சேருவார்கள். பிறகு `1` அழுத்தினால் குழு கைக்கு வரும். அதையே இருமுறை சட்டென்று அழுத்தினால் குழு இருக்கும் இடத்துக்குத் திரையும் பாயும்.

ஒருவர் இரண்டு குழுக்களில் இருக்கலாம். இது சில வேளைகளில் வசதி, பல வேளைகளில் வில்லங்கம். முதன்மைப் படையிலிருந்து பதினாறு பேரைப் பிரித்து மூன்றாம் குழுவாக்கி எதிரியின் ஊருக்கு அனுப்புகிறோம் என்று வையுங்கள். `Ctrl` + `3` மட்டும் அழுத்தியிருந்தால் அவர்கள் ஒன்றாம் குழுவிலும் தொடர்ந்து இருப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றாம் குழுவுக்குப் “பின்வாங்கு” என்று கட்டளையிட்டால், எதிரியின் வேலையாட்களைச் சுட்டுக்கொண்டிருக்கும் அந்தப் பதினாறு பேரும் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வரைபடத்தின் குறுக்கே நடந்து வரத் தொடங்குவார்கள். வழியில் சாவார்கள். 2015இல் வந்த லெகசி ஆஃப் தி வாய்ட் பகுதியில் இதற்கு மருந்து கொடுத்தார்கள். `Alt` + `3` அழுத்தினால் மூன்றாம் குழு உருவாகும்போதே அவர்கள் மற்றக் குழுக்களிலிருந்து நீக்கப்படுவார்கள். ஆட்டக்காரர்கள் இதை “ஸ்டீல்” என்பார்கள்.

அடுத்தது `Tab`. ஒரு குழுவில் பலவகை வீரர்கள் இருந்தால் சிறப்புத் திறன்களுக்கான விசைகள் அப்போது முன்னால் நிற்கும் வகைக்கு மட்டுமே போகும். யார் முன்னால் என்பதற்கு ஆட்டத்துக்குள் ஒரு வரிசை உண்டு. மனிதர்களின் தரப்பான டெரன் படையில் கோஸ்ட் என்ற ஒற்றர் வீரர், மரீன் என்ற சாதாரணச் சிப்பாய்க்கு முன்னால் வருவார். மரீன்களுக்கு ஊக்கமருந்து கொடுக்கும் விசை `T`. ஒன்றாம் குழுவில் ஒரே ஒரு கோஸ்ட் கலந்திருந்தாலும் `1` `T` என்று அழுத்தினால் மருந்து வேலை செய்யாது. இடையில் `Tab` அழுத்தி மரீன்களுக்கு வர வேண்டும். சண்டை மூண்ட கணத்தில் அந்த ஓர் அழுத்தம் மறந்துபோகும். ஆகவே தேர்ந்தவர்கள் கோஸ்டுகளை இரண்டாம் எண்ணில் தனியே வைக்கிறார்கள்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. ஒரே கட்டளைக்கு ஒரே நேரத்தில் கீழ்ப்படிய வேண்டியவர்கள் ஒரு குழு. எப்போதாவது வேறு கட்டளை தேவைப்படுபவர்கள் வேறு குழு. டெரன் ஆட்டக்காரர் ஒருவரின் எண்கள் பெரும்பாலும் இப்படி அமையும்: ஒன்றில் முதன்மைப் படை, இரண்டில் தனித்திறன் கொண்டவர்கள், மூன்றில் பிரிந்து போகும் சிறுபடை, நான்கில் வேலையாட்களை உருவாக்கும் தலைமைக் கட்டடங்கள், ஐந்தில் பாசறைகள். ஆறு முதல் பூஜ்யம் வரை பலர் தொடுவதே இல்லை. இடதுகை `A` விசையின் மேல் உட்கார்ந்திருக்கும்போது ஐந்துக்கு அப்பால் விரல் எட்டாது என்பதுதான் காரணம்.

எழுத்துகளை எப்படிப் பங்கிடுவது?

எண்கள் “யார்” என்பதைத் தீர்த்துவிட்டன. “என்ன” என்பதற்கு வருவோம். பழைய ஸ்டார்கிராஃப்டில் எழுத்துகள் ஆங்கிலப் பெயரின்படி அமைந்தவை. மரீனுக்கு `M`, புரோபுக்கு `P`, டிரோனுக்கு `D`. நினைவில் வைப்பது எளிது, விரலுக்கோ வேதனை. டாங்கியை நிலைகொள்ளச் செய்யும் சீஜ் நிலைக்கு `O`. அது கீபோர்டின் வலது பக்கம் இருக்கிறது. சண்டையின் நடுவே இடதுகை எண்களை விட்டு அங்கே பறந்து போய்த் திரும்ப வேண்டும். அந்தக் காலத்தில் இதை மாற்றிக்கொள்ளவும் ஆட்டத்தில் வழியில்லை.

ஸ்டார்கிராஃப்ட் 2 பெயர்வழி முறையைக் கொஞ்சம் திருத்தி, அதிகம் பயன்படுபவற்றை இடது பக்கத்துக்கு நகர்த்தியது. மரீனுக்கு `A`, மரோடர் என்ற கனத்த சிப்பாய்க்கு `D`, சீஜ் நிலைக்கு `E`. இது வழக்கமான அமைப்பு. இதனுடன் இன்னொரு மாற்றையும் தந்தது. அதுதான் கிரிட்.

திரையின் வலது கீழ்மூலையில் கட்டளைப் பொத்தான்கள் மூன்று வரிசையில், வரிசைக்கு ஐந்தாக அடுக்கப்பட்டிருக்கும். கீபோர்டின் இடது பாதியிலும் மூன்று வரிசை எழுத்துகள் இருக்கின்றன. கிரிட் அமைப்பு இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துகிறது.

```
Q  W  E  R  T
A  S  D  F  G
Z  X  C  V  B
```

பொத்தான் திரையில் எந்த இடத்தில் இருக்கிறதோ அதே இடத்தில் உள்ள எழுத்துதான் அதன் விசை. மேல்வரிசை இடது ஓரப் பொத்தான் என்றால் `Q`. பெயர் என்ன, எந்த இனம், எந்தக் கட்டடம் என்பது பற்றிக் கவலையில்லை. பாசறையில் மரீன் அந்த இடத்தில் இருப்பதால் `Q`. தலைமைக் கட்டடத்தில் வேலையாள் அந்த இடத்தில் இருப்பதால் அவருக்கும் `Q`. இதுவரை தொட்டே பார்க்காத ஒரு யூனிட் கையில் கிடைத்தாலும் பொத்தானைப் பார்த்தவுடன் விரலுக்கு வழி தெரியும். கற்க வேண்டியது ஒரு பெயர்ப் பட்டியல் அல்ல, ஒரே ஒரு படம். 2020இல் வந்த வார்கிராஃப்ட் 3 மறுபதிப்பும் இத்தகைய கிரிட் அமைப்பைச் சேர்த்துக்கொண்டது.

குறையும் உண்டு. படைவீரர்களின் மேல்வரிசையில் நகர்தல், நிற்றல், இடம் காத்தல், ரோந்து, தாக்குதல் என்ற வரிசையில் பொத்தான்கள் இருக்கின்றன. அந்தக் கணக்கில் மிக அதிகம் பயன்படும் தாக்குதல் கட்டளை ஐந்தாம் இடமான `T` விசைக்குப் போய்விடுகிறது. ஆள்காட்டி விரல் ஒவ்வொரு முறையும் நீள வேண்டும். பொத்தான்களை அடுக்கியவர் கண்ணுக்கு அழகு பார்த்தாரே தவிர விரலின் வசதியைப் பார்க்கவில்லை. அதனால் பலர் கிரிட்டை அப்படியே எடுத்துக்கொண்டு தாக்குதலை மட்டும் `A` விசைக்கு மாற்றி, அங்கே இருந்ததை வேறிடத்துக்கு நகர்த்திக்கொள்கிறார்கள். இரண்டில் எது உயர்ந்தது என்பதற்கு ஆட்டக் களம் தெளிவான தீர்ப்பு சொல்லவில்லை. ஒரே இனத்தை வைத்து வருடக்கணக்கில் ஆடுபவருக்கு வழக்கமான அமைப்பு போதும். எல்லா இனங்களையும் தொட்டுப் பார்ப்பவருக்கும், ஆங்கிலப் பெயர்கள் வாயில் நுழையாதவருக்கும் கிரிட் சௌகரியம்.

இருபது விநாடித் தாக்குதல்

இதெல்லாம் சேர்ந்து எப்படி வேலை செய்கிறது என்று ஒரு காட்சியை எடுத்து, வழக்கமான எழுத்தமைப்பில் விசை விசையாகப் பார்ப்போம். ஆட்டக்காரர் டெரன். அவரிடம் ஐந்து பாசறைகள். அவற்றில் மூன்றோடு ஆய்வுக்கூடமும், இரண்டோடு ஒரே நேரத்தில் இரண்டு பேரை உருவாக்கும் ரியாக்டரும் ஒட்டியிருக்கின்றன. மூன்று தலைமைக் கட்டடங்கள். எதிரியின் வாசலுக்கு எதிரே முதன்மைப் படை நிற்கிறது.

திட்டம் இது. மெடிவாக் என்ற மருத்துவ விமானம் ஒன்றில் எட்டு மரீன்கள் ஏறலாம். இரண்டு விமானங்களில் பதினாறு பேரை ஏற்றி எதிரியின் பின்புறத்தில் இறக்க வேண்டும். எதிரி அங்கே திரும்பும் நேரத்தில் முன்வாசலில் முதன்மைப் படை மோத வேண்டும்.

முதலில் பதினாறு மரீன்களையும் இரு விமானங்களையும் பெட்டியிழுத்துப் பிடித்து `Alt` + `3`. இப்போது அவர்கள் ஒன்றாம் குழுவிலிருந்து விலகிவிட்டார்கள். ஆட்களை ஏற்றிய பிறகு `Shift` விசையைப் பிடித்துக்கொண்டே சிறு வரைபடத்தில் ஓரமாக மூன்று நான்கு இடங்களில் சொடுக்குகிறார். விமானங்கள் அந்தப் புள்ளிகளை வரிசையாகத் தொட்டுப் போகும். கடைசியில் அதே `Shift` பிடியோடு `D` அழுத்தி, இறக்க வேண்டிய இடத்தைச் சொடுக்குகிறார். இனி விமானங்கள் தாமாகவே போய் இறக்கும். கவனம் விடுதலையாகிவிட்டது.

விமானங்கள் பறக்கும் நேரம் சும்மா கழிவதில்லை. `4` அழுத்தி `S` `S` `S`: மூன்று தலைமைக் கட்டடங்களிலும் தலா ஒரு வேலையாள். `5` அழுத்தி `D` `D` `D`, பிறகு `A` `A` `A` `A`: மூன்று மரோடர், நான்கு மரீன். ஆட்டம் ஒவ்வோர் அழுத்தத்தையும் அப்போது வேலை குறைவாக இருக்கும் பாசறைக்குக் கொடுக்கும். இங்கே வரிசை முக்கியம். மரோடரை ஆய்வுக்கூடம் உள்ள பாசறை மட்டுமே உருவாக்க முடியும். அவற்றை முதலில் நிரப்பிவிட்டால் அடுத்து வரும் மரீன்கள் தாமாகவே ரியாக்டர் பாசறைகளுக்குப் போவார்கள். மரீனை முதலில் அழுத்தினால் அவர்கள் ஆய்வுக்கூடப் பாசறையிலும் புகுந்து இடத்தை அடைத்துவிடலாம். வேலையாட்களையும் சேர்த்து இந்தச் சுற்றுக்கு ஆன செலவு 650 கனிமம், 75 வாயு. மரீன் உருவாக 18 விநாடி, மரோடருக்கு 21 விநாடி. ஆகவே ஏறக்குறைய இருபது விநாடிக்கு ஒருமுறை இதே தாளம் திரும்ப வரும். இதுவரை திரை தளத்தின் பக்கம் போகவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கண் முழுக்க முதன்மைப் படையின் மேலேயே இருக்கிறது.

விமானங்கள் எல்லையைத் தொட்டதும் `1` `A`, எதிரியின் வாசலில் ஒரு சொடுக்கு. அடுத்த கணமே `3` `3`: திரை பின்புறத்துக்குப் பாய்கிறது. மரீன்கள் இறங்கியதும் `3` `T`. ஊக்கமருந்தால் ஒவ்வொருவரும் தம் உயிர்ப்புள்ளியில் பத்தை இழந்து, 11 விநாடிக்கு வேகம் பெறுகிறார்கள். வேலையாட்கள் கூட்டத்தின் மேல் ஒரு தாக்குதல் கட்டளை. உடனே `1` `1`: திரை முன்வாசலுக்கு. `T`. மறுபடியும் `5` `D` `D` `D` `A` `A` `A` `A`. சுமார் இருபது விநாடிக்குள் இரண்டு போர்முனையும் ஒரு தொழிற்சாலையும் நடந்திருக்கின்றன. முன்னணி ஆட்டக்காரர்கள் நிமிடத்துக்கு 300 செயல்களுக்கு மேல் செய்கிறார்கள் என்று சொல்லும்போது மலைப்பாக இருக்கும். அதில் பெரும்பகுதி இப்படி ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பத் தட்டுவதுதான்.

எங்கே சறுக்கும்?

முதல் சறுக்கல், புதிதாக வந்தவர்கள் குழுவில் சேராமல் போவது. பாசறையிலிருந்து வெளிவருபவருக்கு எந்த எண்ணும் இல்லை. அவர் குறித்த இடத்தில் போய்ச் சும்மா நிற்பார். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு அங்கே கூடியவர்களைப் பிடித்து `Shift` + `1` அழுத்த வேண்டும். இது நடக்கிறதா என்று அறிய, திரையின் அடியில் குழு எண்களோடு தெரியும் சிறு பட்டைகளைப் பார்க்கலாம். எண்ணுக்குப் பக்கத்தில் எத்தனை பேர் என்று காட்டும். நாற்பது வீரர்கள் இருக்க வேண்டிய நேரத்தில் ஒன்றாம் பட்டையில் 22 என்று இருந்தால் மிச்சம் பதினெட்டுப் பேர் தளத்தில் வெயில் காய்கிறார்கள் என்று பொருள்.

இரண்டாவது, `Shift` என்று நினைத்து `Ctrl` அழுத்துவது. ஆறு புதியவர்களைப் பிடித்து `Ctrl` + `1` அழுத்தினால் ஒன்றாம் குழு அந்த ஆறு பேர் மட்டும் ஆகிவிடும். முதன்மைப் படை எண்ணில்லாமல் நடுக்களத்தில் நிற்கும். பட்டையில் 40 திடீரென்று 6 ஆவதுதான் அறிகுறி. இரு விசைகளும் அடுத்தடுத்து, இரண்டையும் சுண்டுவிரலே அழுத்துவதால் இது தேர்ந்தவர்களுக்கும் நேரும்.

மூன்றாவது, எண் பதியாமல் எழுத்து மட்டும் பதிவது. வழக்கமான அமைப்பில் `4` `S` என்றால் வேலையாள். ஆனால் படை கையில் இருக்கும்போது விரல் அவசரத்தில் `4` தவறி `S` மட்டும் விழுந்தால், அது படைக்கு “நில்” என்ற கட்டளை. நடந்துகொண்டிருந்த படை காரணமில்லாமல் நடுவழியில் நின்றால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

நான்காவது, `F2` மோகம். இந்த விசையை ஒருமுறை அழுத்தினால் வரைபடத்தில் எங்கே இருந்தாலும் எல்லாப் படைவீரர்களும் கைக்கு வந்துவிடுவார்கள். குழுவே அமைக்காமல் ஆடலாம்போல் தோன்றும். ஆனால் “எல்லாரும்” என்றால் எல்லாரும்தான். பின்புறத்தில் இறங்கிய பதினாறு பேரும், தளத்தைக் காக்க விட்டிருந்த நான்கு பேரும், வேவு பார்க்க நிறுத்திய ஒருவரும் அந்த ஒரே கட்டளையில் இடம் பெயர்வார்கள். சண்டையில் வென்றுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் தளத்தில் எதிரி புகுந்திருப்பார், காவலுக்கு யாரும் இருக்கமாட்டார்கள். தனித்தனி இடங்களில் ஆள் வைத்திருப்பவர் `F2` விசையை எடுத்துவிடுவதே நல்லது. மடிக்கணினியில் ஆடுபவருக்கு இன்னொரு தொல்லை: பல மடிக்கணினிகளில் `F` விசைகள் ஒலி, வெளிச்சம் கூட்டிக் குறைக்கவே அமைந்திருக்கும். அதை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சறுக்கல்கள் எல்லாம் ஆடும்போது தெரியாது. ஆட்டத்தின் பதிவைத் திரும்பப் போட்டு, உற்பத்திப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை நடந்த நேரத்தைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் பட்டியல் காலியாக இருந்தால் கை முழுவதும் போர்முனையில் சிக்கிக்கொண்டது, `4` `5` மறந்துபோனது என்று அர்த்தம்.

பழகும் வழி

தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் முதல் நாளே கடிதம் அடிக்கச் சொல்லமாட்டார்கள். `asdf` வரிசையைத் தாளைப் பார்க்காமல் அடிக்கும்வரை விடமாட்டார்கள். இங்கும் அதே ஒழுங்குதான். பத்து எண்களையும் ஒரேயடியாகக் கற்க முயன்றால் ஒன்றும் நிற்காது.

முதல் வாரம் `4` `5` மட்டும் போதும். தலைமைக் கட்டடங்கள் நான்கில், பாசறைகள் ஐந்தில். கணினியை எதிரியாக வைத்து, சண்டையைப் பற்றிக் கவலைப்படாமல், திரை எங்கே இருந்தாலும் இருபது விநாடிக்கு ஒருமுறை இரண்டையும் தட்டும் பழக்கம் வர வேண்டும். புதிய பாசறை கட்டத் தொடங்கியதுமே அதை `Shift` + `5` கொண்டு சேர்ப்பதும் இதில் அடங்கும். இது கைக்கு வந்தபின் `1` சேரட்டும், புதியவர்களை `Shift` + `1` கொண்டு சேர்க்கும் பழக்கத்தோடு. மூன்றாவதாகத்தான் பிரிந்து போகும் படையும் `Alt` விசையும். வழக்கமான அமைப்பா கிரிட்டா என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஆட்டத்தின் அமைப்புகளில் Hotkeys என்ற பகுதியில் இரண்டும் இருக்கின்றன. பாதியில் மாற்றினால் விரல் பழைய இடத்துக்கே போகும், சில வாரப் பழக்கம் வீணாகும்.

விசைகளை வேகமாகத் தட்டுவதால் யாரும் நல்ல தளபதி ஆகிவிடுவதில்லை. எப்போது தாக்குவது, எதை உருவாக்குவது என்ற முடிவுகள் தவறாக இருந்தால் நேர்த்தியான குழுக்கள் நேர்த்தியாகவே தோற்கும். ஆனால் ஆரம்ப நிலையில் தோற்பவர்களில் பலர் தவறான முடிவால் தோற்பதில்லை. சரியான முடிவை எடுத்துவிட்டு, அதை உரிய நேரத்தில் படையிடம் சொல்ல முடியாமல் தோற்கிறார்கள். ஸ்டார்கிராஃப்ட் 2இன் போட்டிப் பகுதி 2017 நவம்பர் முதல் இலவசமாகக் கிடைக்கிறது. ஆசை உள்ளவர்கள் இறக்கிக்கொண்டு, முதல் பத்து ஆட்டங்களில் வெற்றி தோல்வியைக் கணக்கில் வைக்காமல் `4` `5` மட்டும் பழகிப் பாருங்கள்.